நாலு கட்டத்தில் ஒரு கட்டுரை

(ஆங்கிலக் கட்டுரைத் தாள் திருத்துவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில்கள்)

இருபது வருஷமாக ஒரு தடவை படித்துவிட்டு இருபதுக்கு இவ்வளவு என்று போட்டுவிடுகிறேன். இப்போது அமைப்பு, கோர்வை, சொல்வளம், இலக்கணம் என்று நாலாகப் பிரித்துப் போடச் சொல்கிறார்கள். வேலையை நாலு மடங்காக்குவதைத் தவிர இதனால் என்ன பயன்?
*– கல்லூரி ஆசிரியர், திருநெல்வேலி*

நீங்கள் போடும் பன்னிரண்டும் பக்கத்து அறைக்காரர் போடும் பன்னிரண்டும் ஒரே பன்னிரண்டா என்பதுதான் கேள்வி. 1961இல் அமெரிக்காவில் பால் டீடரிக்கும் இன்னும் இரண்டு ஆய்வாளர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கல்லூரி முதலாண்டு மாணவர்கள் எழுதிய 300 கட்டுரைகளை ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், பத்திரிகை ஆசிரியர்கள் என்று 53 பேரிடம் கொடுத்து, தரவாரியாக ஒன்பது குவியலாக அடுக்கச் சொன்னார்கள். எதை வைத்துத் தரம் பார்ப்பது என்று மட்டும் சொல்லவில்லை. நூற்றுக்கு 94 கட்டுரைகள் ஏழோ எட்டோ ஒன்பதோ வெவ்வேறு குவியல்களில் போய் விழுந்தன. அதாவது ஒரே தாள் ஒருவரிடம் முதல் வகுப்பு, இன்னொருவரிடம் பெயில்.

சுவாரசியம் இதற்குப் பிறகுதான். அந்த 53 பேரும் கண்டபடி போடவில்லை. ஒரு கூட்டம் கருத்தைப் பார்த்தது, இன்னொன்று அமைப்பைப் பார்த்தது, மற்றொன்று பிழையை எண்ணியது, வேறொன்று சொற்களுக்கு மயங்கியது. ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்ததற்கு மார்க் போட்டுவிட்டு, அதைக் கட்டுரையின் மார்க் என்று சொல்லியிருக்கிறார்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சர்க்கரையையும் கொழுப்பையும் கூட்டி 'மொத்தம் 340' என்று யாரும் எழுதித் தருவதில்லை. நாலு கட்டமும் அதே காரணத்துக்காகத்தான்.

அமைப்பும் கோர்வையும் ஒன்றுதானே சார்? எதற்கு இரண்டு கட்டம்?
*– பி.எட். மாணவி, தஞ்சாவூர்*

பத்திகள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பது அமைப்பு. ஒரு வாக்கியத்துக்குப் பின் அடுத்த வாக்கியம் ஏன் வந்தது என்று படிப்பவருக்குத் தெரிகிறதா என்பது கோர்வை.

இரண்டுக்கும் தனித்தனிச் சோதனை உண்டு. ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வரிசையாகப் படியுங்கள். வாதம் ஓரளவு புரிந்தால் அமைப்பு நன்று. பிறகு நடுவிலிருந்து ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு, அதில் வரும் ஒவ்வொரு 'திஸ்', 'தே', 'இட்' மேலும் விரல் வைத்து, 'யார், எது?' என்று கேளுங்கள். தடுமாறாமல் பதில் வந்தால் கோர்வை நன்று.

ஒன்று இருந்து மற்றொன்று இல்லாத தாள்கள் ஏராளம். முன்னுரை, மூன்று பத்தி, முடிவுரை என்று கச்சிதமாக நிற்கும், உள்ளே வாக்கியங்கள் ஒன்றையொன்று பார்க்காமல் நிற்கும். நம் பிள்ளைகளுக்கு ஐந்து பத்தி மனப்பாடம் என்பதால் இந்த வகையே அதிகம்.

என் மாணவன் ஒவ்வொரு வாக்கியத்தையும் 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்', 'இன் அடிஷன்' என்றுதான் தொடங்குகிறான். கோர்வைக்கு முழு மதிப்பெண் தரலாமா?
*– பள்ளி ஆசிரியை, விருதுநகர்*

கயிறு நிறைய இருக்கிறது என்பதற்காக மூட்டை கட்டியாயிற்று என்று சொல்ல முடியாது. 'தி மார்க்கெட் இஸ் சீப். மோர்ஓவர், இட் இஸ் வெரி டர்ட்டி' என்று அவன் எழுதினால், முன்னது சந்தைக்குச் சாதகம், பின்னது பாதகம். அங்கே வரவேண்டியது 'ஹவ்எவர்'. இணைப்புச் சொல் பொய் சொல்லும்போது, அது இல்லாமல் இருப்பதைவிடக் கெடுதல்.

ஹாலிடேயும் ருகையா ஹசனும் 1976இல் 'கொஹிஷன் இன் இங்கிலீஷ்' என்ற புத்தகத்தில் வாக்கியங்களைப் பிணைக்கும் வழிகளை ஐந்தாகப் பிரித்தார்கள். இணைப்புச் சொல் அதில் ஒன்று மட்டுமே. சுட்டுச் சொல், ஒரு சொல்லுக்குப் பதில் வேறு சொல், சொல்லாமல் விடுவது, ஒரே பொருள் சார்ந்த சொற்கள் திரும்ப வருவது ஆகியவை மற்ற நாலு. இந்த நாலில் ஓடும் பத்திக்கு 'மோர்ஓவர்' தேவையே படாது. அவனுடைய இணைப்புச் சொற்களைப் பென்சிலால் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பத்தி அப்போதும் ஓடினால் மார்க் கொடுங்கள்.

என் மகன் எட்டுப் பக்கம் எழுதினான். பக்கத்து வீட்டுப் பையன் நாலு பக்கம். அவனுக்கு மார்க் கூட. இது நியாயமா?
*– ஒரு தாய், சேலம்*

நாலு கட்டத்தில் எதற்கும் 'பக்கம்' என்று பெயர் இல்லையே அம்மா! கேட்ட அளவுக்குக் குறைந்தால்தான் பிரச்சினை. கூடினால் பிழை செய்ய இடம் கூடுகிறது, அவ்வளவுதான்.

ஒரு கட்டுரையை எடுத்து நாலு கட்டமும் போட்டுக் காட்டுங்களேன். பொதுவாகச் சொன்னால் தலையாட்டுகிறோம், தாளை எடுத்தால் விழிக்கிறோம்.
*– ஆங்கிலத் துறை, ஒரு கலைக் கல்லூரி, மதுரை மாவட்டம்*

நியாயமான கோரிக்கை. முதலாண்டு மாணவி ஒருவர் எழுதியதாக ஒரு மாதிரித் தாளை வைத்துக்கொள்வோம். தலைப்பு: 'சூப்பர் மார்க்கெட் வந்த பிறகும் வாரச் சந்தை வேண்டுமா?' கையெழுத்தில் நாலு பக்கம், சுமார் 600 சொல், ஆறு பத்தி. ஒரு கட்டத்துக்கு ஐந்து மார்க்.

முதல் வாசிப்பில் பேனாவை மூடி வையுங்கள். பத்திகளின் முதல் வாக்கியங்கள் இப்படிப் போகின்றன: எங்கள் ஊரில் வியாழன் சந்தை, அங்கே விலை குறைவு, சூப்பர் மார்க்கெட்டில் ஏசி உண்டு, விவசாயி நேராக விற்கிறார், சந்தையில் பேரம் பேசி விலையைக் குறைக்கலாம், ஆகவே சந்தை வேண்டும். முதல் பத்தி முழுக்கச் சந்தை வர்ணனை. மாணவியின் கட்சி எது என்று தெரிய ஆறாம் பத்திவரை காத்திருக்க வேண்டும். விலை என்ற ஒரே விஷயம் இரண்டாம், ஐந்தாம் பத்திகளில் பிரிந்து கிடக்கிறது. முடிவுரையில் திடீரென்று 'சந்தையில் கழிப்பறை கட்ட வேண்டும்' என்று புது விஷயம். அமைப்பு: 2.

கோர்வைக்கு வருவோம். இரண்டாம் பத்தியில் கீரை விற்கும் பாட்டி வருகிறார். அடுத்த வாக்கியத்தில் 'ஷி', அதற்கடுத்து 'ஹர் பண்டில்', பிறகு 'தட் டென் ருபீஸ்'. ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒன்று வருகிறது. மூன்றாம் பத்தி 'மோர்ஓவர்' என்று தொடங்குகிறது, ஆனால் சொல்வது எதிர்க்கட்சியின் வாதம். நாலாம் பத்தியில் மூன்று 'தே'. விவசாயிகளா, வாங்குபவர்களா என்று நாமே யூகிக்க வேண்டியிருக்கிறது. பாதி ஓடுகிறது, பாதி தட்டுகிறது. கோர்வை: 3.

இப்போது பென்சிலை எடுத்து இரண்டாம் வாசிப்பு. 'ஹாகிள்', 'பண்டில்', 'வில்ட்டட்' என்று சந்தைக்குரிய சொற்கள் சரியான இடத்தில் விழுந்திருக்கின்றன. வாடிய கீரைக்கு 'வில்ட்டட்' என்று எழுதத் தெரிந்த பெண் அதைப் பார்த்து எழுதியிருக்கிறாள். 'எ ப்ளெதோரா ஆஃப் டொமேட்டோஸ்' மட்டும் வகுப்பறையிலிருந்து வந்த தக்காளி. சொல்வளம்: 4.

இலக்கணத்தில் 19 இடத்தில் பென்சில் படுகிறது. பயப்படாமல் வகை பிரியுங்கள். 'ஃபார்மர்ஸ் இஸ்' போல எழுவாய்க்குப் பொருந்தாத வினை 11 இடம். 'தி' விட்டது 6 இடம். 'ஆல்தோ தி பிரைஸ் இஸ் லோ, பட்...' என்று 'ஆல்தோ'வுக்குப் பின் 'பட்' இரண்டு இடம். ஆக மூன்றே வகை. ஓரிடத்திலும் பொருள் கெடவில்லை. நீண்ட வாக்கியங்களைத் துணிந்து எழுதியிருக்கிறாள். இலக்கணம்: 3. மொத்தம் 20க்கு 12.

இதே தாளைப் பழைய முறையில், சிவப்புப் பேனாவோடு ஒரே வாசிப்பில் திருத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பக்கம் முழுக்க 19 சிவப்புக் கோடு. 'கிராமர் வீக்' என்று எழுதி, எட்டோ ஒன்பதோ போட்டிருப்போம். உண்மையில் அவளுடைய பலவீனம் அமைப்பு. அமைப்புப் பிழைக்குக் கோடு போட இடம் கிடையாது. அது எந்த வரியிலும் இல்லை, வரிகளுக்கு நடுவில் இருக்கிறது. கண்ணில் படும் பிழை கண்ணில் படாத பிழையை மறைத்துவிடுகிறது. நாலு கட்டம் போடுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

அதே 'ஃபார்மர்ஸ் இஸ்' 11 தடவை வந்தால் 11 தடவை குறைக்க வேண்டாமா?
*– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்*

வேண்டாம். அவளுக்குத் தெரியாதது ஒன்று. அதை அவள் 11 தடவை நமக்குத் தெரிவித்திருக்கிறாள். 600 சொல் எழுதியதால் 11; 200 சொல்லோடு நிறுத்தியிருந்தால் மூன்றோ நாலோ. எண்ணிக் குறைத்தால் 'குறைவாக எழுது, பிழைப்பாய்' என்று பாடம் நடத்தியதாகிவிடும். அதற்காகக் கண்டுகொள்ளாமல் விடவும் வேண்டாம். ஒரே வகைப் பிழை இத்தனை இடத்தில் வருவதால் அது கைதவறி வந்ததல்ல என்று தெரிகிறது. முழு மார்க் கிடைக்காததற்கு அதுவே காரணம்.

பார்க்க வேண்டியது பிழை எதைக் கெடுக்கிறது என்பது. 1972இலேயே பர்ட், கிபார்ஸ்கி என்ற இருவர் பிழைகளை இரண்டாகப் பிரித்தார்கள்: வாக்கியத்தின் ஒரு மூலையோடு நின்றுவிடும் பிழை, முழு வாக்கியத்தையும் குலைக்கும் பிழை. 'தி' விட்டால் மூலைப் பிழை. 'பிகாஸ்' வரவேண்டிய இடத்தில் 'ஸோ' வந்து காரணமும் விளைவும் இடம் மாறினால் அது முழுப் பிழை. பின்னது மூன்று வந்தாலே மார்க் இறங்க வேண்டும்.

'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதினால் சொல்வளத்தில் குறைப்பதா, இலக்கணத்திலா? ஸ்பெல்லிங் மிஸ்டேக் எந்தக் கட்டம்?
*– தனியார் பயிற்சி மைய ஆசிரியை, நாகர்கோவில்*

எதில் வேண்டுமானாலும். ஆனால் ஒன்றில் மட்டும். ஒரு பிழைக்கு ஒரு கட்டத்தில்தான் தண்டனை. இரண்டு இடத்தில் வெட்டினால் பிரித்ததற்கே அர்த்தமில்லை. எல்லைத் தகராறை முதல் தாளை எடுக்கும் முன்பே தீர்த்து, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஇஎல்டிஎஸ் தேர்வில் ஸ்பெல்லிங்கைச் சொல்வளத்திலும், முற்றுப்புள்ளி, காற்புள்ளியை இலக்கணத்திலும் சேர்க்கிறார்கள். நல்ல ஏற்பாடு, கடன் வாங்கலாம். 'டிஸ்கஸ் அபௌட்', 'மேரீட் வித்' போன்ற முன்னிடைச் சொல் தவறுகளை நான் இலக்கணத்தில் வைப்பேன். 'மை ஃபாதர் இஸ் அவுட் ஆஃப் ஸ்டேஷன்' போல நம் நாட்டு ஆங்கிலம் வந்தால்? உள்ளூர் கல்லூரித் தாள் என்றால் தொடாதீர்கள். வெளிநாட்டுத் தேர்வுக்குத் தயாராகிறவர் என்றால் மார்க் குறைக்காமல் ஓரத்தில் ஒரு குறிப்பு மட்டும் போதும்.

கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தால்?
*– விடுதி மாணவர், கோயம்புத்தூர்*

முதலில் ஆறுதல். 1994இல் ஈ.டி.எஸ். ஆய்வாளர்கள் கையால் எழுதிய கட்டுரைகளைத் தட்டச்சு செய்தும், தட்டச்சு செய்தவற்றைக் கையால் எழுதியும், திரும்பத் திருத்தக் கொடுத்தார்கள். உள்ளடக்கம் அப்படியே இருக்க, கையெழுத்துப் படிகளுக்கே சராசரியாக மார்க் கூடியது. தட்டச்சில் கட்டுரை குட்டையாகத் தெரிகிறது, பிழை பளிச்சென்று தெரிகிறது. கையெழுத்தில் பாதி பிழை எழுத்தின் சுழிக்குள் ஒளிந்துகொள்கிறது.

ஆனால் இந்தச் சலுகை படிக்க முடிகிற கையெழுத்துக்குத்தான். கையெழுத்துக்குத் தனிக் கட்டம் இல்லை என்பதால் அது நாலு கட்டத்துக்குள்ளும் திருட்டுத்தனமாக நுழையும். கிறுக்கல் தாளைத் திணறித் திணறிப் படிக்கிறோம். திணறியது நம் கண், பழி கோர்வை மேல் விழுகிறது. திருத்துபவர்கள் இப்படிச் செய்யலாம்: படிக்க முடியாத சொல்லுக்குக் கீழே புள்ளிக்கோடு போட்டுவிட்டு நிற்காமல் மேலே போங்கள். பக்கம் முடிந்ததும் திரும்பி வாருங்கள். பாதி சொற்கள் இப்போது புரியும், அவர் 'ஆர்' எழுதும் விதம் பழகியிருக்கும். கோர்வைக்கு மார்க் போடும் முன் தாளை இன்னொரு முறை ஓட்டமாகப் படியுங்கள். அப்போதும் புரியாத சொல்லைச் சொல்வளத்தில் சேர்க்காதீர்கள், குறைக்கவும் செய்யாதீர்கள்.

உங்களுக்கு, தம்பி: சொற்களுக்கு நடுவில் இடம் விடுங்கள். எழுத்து அழகாக இருக்க வேண்டியதில்லை. ஒரு சொல் எங்கே முடிகிறது என்று தெரிந்தால் போதும்.

நாலு கட்டம் கொடுத்தும் எங்கள் துறையில் பெரும்பாலான தாள்களில் 3-3-3-3, 4-4-4-4 என்றே வருகிறது. மாணவர்கள் எல்லாரும் அவ்வளவு சமச்சீராக இருக்கிறார்களா?
*– துறைத் தலைவர், ஈரோடு மாவட்டம்*

மாணவர்கள் இல்லை, ஆசிரியர்கள். முதல் கட்டத்தில் விழுந்த எண்ணம் மற்ற மூன்றுக்கும் வழிகாட்டிவிடுகிறது. எட்வர்ட் தார்ன்டைக் 1920இலேயே ராணுவ அதிகாரிகள் தங்கள் ஆட்களுக்குப் போட்ட மதிப்பெண்ணில் இதைப் பிடித்தார். ஒருவனுடைய தோற்றம் நன்றென்று பட்டால் அறிவும் தலைமைப் பண்பும் நன்றென்றே போட்டார்கள். அதற்கு ஒளிவட்ட விளைவு என்று பெயர்.

மருந்து எளிது. பத்துத் தாள் கொண்ட கட்டாகப் பிரியுங்கள். பேனா இல்லாமல் பத்தையும் படித்து அமைப்பும் கோர்வையும் மட்டும் போடுங்கள், அதுவும் தனிச் சீட்டில். பிறகு கட்டைக் குலுக்கிப் போட்டு, அந்தச் சீட்டைப் பார்க்காமல், பத்துக்கும் சொல்வளமும் இலக்கணமும். நேரம் கூடும்தான், ஆனால் இரட்டிப்பாகாது. இரண்டாம் வாசிப்பில் கதை ஏற்கெனவே தெரியும். கடைசியில் நாலும் ஒரே எண்ணாக வந்த தாள்களை மட்டும் தனியே எடுத்து இன்னொரு முறை பாருங்கள். சில நிஜமாகவே சமமாக இருக்கும். மற்றவற்றில் ஏதோ ஒரு கட்டம் நகரும்.

கட்டுரை அழகு, ஆங்கிலம் சுத்தம், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. 20க்கு 18 வருகிறதே!
*– விரிவுரையாளர், யாழ்ப்பாணம்*

நம் நாலு கட்டத்தின் ஓட்டையைச் சரியாகப் பிடித்தீர்கள். கருத்துக்குக் கட்டம் இல்லை. ஐஇஎல்டிஎஸ்ஸிலும் நாலு அளவுகோல், நாலுக்கும் சம எடை. ஆனால் முதலாவதே கேட்டதற்குப் பதில் சொன்னாரா என்பது. அமைப்பையும் கோர்வையையும் அங்கே ஒரே கட்டத்தில் அடைத்திருக்கிறார்கள். 1981இல் ஜேக்கப்ஸ் குழுவினர் தந்த அட்டவணையில் நூற்றில் 30 கருத்துக்கே. அமைப்பு 20, சொல்வளம் 20, மொழிப் பயன்பாடு 25, எழுத்துப் பிழை முதலானவற்றுக்கு 5.

உங்கள் படிவத்தை மாற்ற முடியாவிட்டால், அமைப்பில் ஒரு விதி வையுங்கள்: முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் கேள்விக்கு நேராக நிற்காவிட்டால் அமைப்பில் ஒன்றுக்கு மேல் கிடையாது. சந்தையைப் பற்றிக் கேட்டால் மனப்பாடமாக 'பொல்யூஷன்' எழுதுகிறவர்களுக்கு அதுவும் போதாது. அந்தத் தாளில் நாலு கட்டத்தையும் நிரப்பாமல் 'கேள்விக்குப் பொருந்தவில்லை' என்று எழுதித் துறையில் கலந்து பேசுங்கள்.

கமெண்ட் எவ்வளவு எழுதுவது? 'குட்', 'இம்ப்ரூவ்' தவிர எனக்கு வேறு வருவதில்லை.
*– பள்ளி ஆசிரியர், தர்மபுரி*

ஒரு கட்டத்துக்கு ஒரு வரி. அதில் இரண்டு விஷயம் இருக்க வேண்டும்: எங்கே, என்ன செய்ய. 'கோர்வை போதாது' என்பது தீர்ப்பு. அதை வைத்துக்கொண்டு மாணவி என்ன செய்வாள்? 'நாலாம் பத்தியில் மூன்று தே. முதலாவதை ஃபார்மர்ஸ் என்று மாற்று' என்றால் வேலை நடக்கும். அமைப்புக்கு: 'உன் முடிவை முதல் பத்தியின் கடைசி வரிக்குக் கொண்டு வா, இரண்டையும் ஐந்தையும் சேர்.' சொல்வளத்துக்கு: 'வில்ட்டட் அருமை, ப்ளெதோரா வேண்டாம்.' இலக்கணத்துக்கு: '11 இடமும் ஒரே பிழை; இரண்டைத் திருத்தியிருக்கிறேன், மற்ற ஒன்பதை நீ கண்டுபிடி.'

பாராட்டும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். 'குட்' என்றால் எது குட்?

நானும் சக ஆசிரியரும் ஒரே தாளுக்கு வேறு மார்க் போட்டால்?
*– ஆசிரியை, புதுச்சேரி*

ஒரு கட்டத்தில் ஒன்று வித்தியாசம் என்றால் இரண்டுக்கும் சராசரி. இரண்டு வித்தியாசம் என்றால் பேச வேண்டும். மொத்த மார்க் மட்டும் இருந்தால் அந்தப் பேச்சு 'எனக்குத் தோணுச்சு' என்பதோடு முடியும். கட்டம் இருந்தால், 'அமைப்புக்கு நீங்க ஏன் நாலு?' என்று கேட்கலாம். ஆளைக் கேட்கவில்லை, பத்தியைக் கேட்கிறோம் என்பதால் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

எனக்கு 2, 3, 4, 3 போட்டிருக்கிறார்கள். எதை முதலில் சரி செய்வது?
*– முதலாண்டு மாணவி, ஊர் வேண்டாம்*

சந்தைக் கட்டுரை எழுதிய பெண் மாதிரியே வாங்கியிருக்கிறீர்களே! தாளும் அதே மாதிரி என்று வைத்துக்கொள்வோம். இலக்கணத்தில்தான் கை போகும், போகவிடாதீர்கள். மூன்று வகைப் பிழையையும் கரைக்க மாதங்கள் ஆகும். இரண்டு பத்தியைச் சேர்த்து, முடிவை முன்னால் கொண்டு வர ஒரு மாலை போதும். பத்திகள் இடம் மாறினால் 'மோர்ஓவர்' தானாகத் துருத்திக்கொண்டு தெரியும், கோர்வையும் அதோடு கொஞ்சம் ஏறும். 2க்கு 4, 3க்கு 4 என்று வைத்தால் மொத்தம் 15, ஒரு புது இலக்கண விதிகூடப் படிக்காமல். 'ஃபார்மர்ஸ் ஆர்' என்று மாற்றும் வேலையை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.